இழுக்கும் a, தள்ளும் b: உயர் அழுத்தத்தில் நைட்ரஜனின் விலகலை வான்டர் வால்ஸ் சமன்பாட்டால் கணக்கிட்டு அறிதல்

உயர் அழுத்தத்தில் இயல்பு வாயுக்கள் நல்லியல்பு வாயு விதியிலிருந்து ஏன் விலகுகின்றன என்று கேட்டால், "மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு, அவற்றிடையே கவர்ச்சி விசையும் உண்டு" என்ற விடை உடனே வந்துவிடும். அது சரியான விடைதான். ஆனால் இந்த இரண்டில் எது எப்போது மேலோங்குகிறது, எவ்வளவு மேலோங்குகிறது என்பதை அந்த ஒற்றை வரி சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எண்களை இட்டுப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வாயுவை, ஒரே ஒரு வெப்பநிலையில் எடுத்துக்கொண்டு, அதாவது 300 K வெப்பநிலையிலுள்ள ஒரு மோல் நைட்ரஜனை எடுத்துக்கொண்டு, அதைப் படிப்படியாக அமுக்கிக்கொண்டே போகப் போகிறோம். ஒவ்வொரு நிலையிலும் கவர்ச்சி எவ்வளவு, விலக்கம் எவ்வளவு என்று தனித்தனியே பார்த்துவிட்டால், பாடங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம் தவறான படத்தை மனத்தில் பதிப்பதும் தெரியவரும்.

சமன்பாடும் அதன் இரண்டு திருத்தங்களும்

யோஹானஸ் வான்டர் வால்ஸ் 1873-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தச் சமன்பாட்டை முன்வைத்தார். ஒரு மோலுக்கு அது இவ்வாறு அமையும். இங்கு V என்பது ஒரு மோல் வாயுவின் கனஅளவு:

```
(P + a/V²)(V − b) = RT
```

நம் வேலைக்கு இதை அழுத்தம் தனியே நிற்கும்படி மாற்றி எழுதிக்கொள்வது வசதி:

```
P = RT/(V − b) − a/V²
```

முதல் உறுப்பிலுள்ள b மூலக்கூறுகளின் பருமனுக்கான திருத்தம். இதை "மூலக்கூறுகளின் மொத்தக் கனஅளவு" என்று பலர் எழுதுகிறார்கள். அது உண்மையில் அதைப் போல நான்கு மடங்கு. இரண்டு கோளங்கள் நெருங்கி வருவதாக எண்ணிப் பாருங்கள். ஒன்றின் மையம் மற்றொன்றின் மையத்துக்கு ஒரு விட்டத்தின் தொலைவை விட அருகில் வரவே முடியாது. ஆகவே ஒரு மூலக்கூற்றைச் சுற்றி, அதன் ஆரத்தைப் போல இரு மடங்கு ஆரமுள்ள ஒரு கோளம் மற்றதன் மையத்துக்கு மூடப்பட்ட இடமாகிவிடுகிறது. ஆரம் இரு மடங்கானால் கனஅளவு எட்டு மடங்கு. இந்த எட்டு மடங்கு ஒரு சோடிக்கு உரியது என்பதால், ஒரு மூலக்கூற்றின் பங்கு நான்கு மடங்கு. இந்தக் கணக்கு, மூலக்கூறுகள் இரண்டிரண்டாக மட்டுமே சந்திக்கின்றன என்ற நினைப்பில் நிற்பது; அந்த நினைப்பு எங்கே உடைகிறது என்பதைக் கடைசியில் காண்போம்.

இரண்டாவது உறுப்பு கவர்ச்சிக்கானது. வாயுவின் நடுவில் உள்ள மூலக்கூற்றை அண்டை மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் இழுப்பதால் அந்த இழுவைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். சுவரை நெருங்கும் மூலக்கூற்றுக்கோ அண்டை மூலக்கூறுகள் பின்புறம்தான் இருக்கின்றன; அவை அதை உள்நோக்கி இழுக்க, சுவரின்மேல் விழும் தாக்கம் குறைகிறது. இழுக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அடர்த்திக்கு ஏற்ப அமையும். இழுக்கப்பட்டுச் சுவருக்கு வரும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் அடர்த்திக்கு ஏற்ப அமையும். எனவேதான் குறைவு அடர்த்தியின் இருபடிக்கு ஏற்ப, அதாவது 1/V² என்று வருகிறது.

முதல் படி: அலகுகளை ஒன்றாக்குதல்

இந்தக் கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அலகில்தான் நேருகின்றன. a-வின் மதிப்பு சில அட்டவணைகளில் பாரிலும் சிலவற்றில் வளிமண்டல அழுத்தத்திலும் தரப்பட்டிருக்கும்; R-ஐ அதே அலகில் எடுக்காவிட்டால் விடை ஏறத்தாழ சரியாகத் தோன்றும் அளவுக்கு மட்டும் தவறும், ஆகவே கண்ணில் படாது. நாம் லிட்டரையும் பாரையும் எடுத்துக்கொள்வோம்.

```
R = 0.083145 L bar / (mol K)
a = 1.370 L² bar / mol²     (N₂)
b = 0.0387 L / mol          (N₂)
T = 300 K
RT = 24.943 L bar / mol
```

இரண்டாம் படி: அழுத்தத்தை அல்ல, கனஅளவைத் தேர்ந்தெடுத்தல்

அழுத்தத்தை முதலில் தந்துவிட்டு V-ஐக் கேட்டால் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருக்கும். V-ஐ நாமே தேர்ந்தெடுத்தால் P ஒரே வரியில் கிடைத்துவிடும். விலகலின் போக்கை அறிவதுதான் நோக்கம் என்பதால் இந்த எளிய வழியே போதும்.

மூன்றாம் படி: Z-ஐ இரண்டாகப் பிரித்தல்

அமுக்கக் காரணி Z என்பது PV/RT. நல்லியல்பு வாயுவுக்கு அது எப்போதும் 1. மேலேயுள்ள அழுத்தச் சமன்பாட்டை V/RT-ஆல் பெருக்கினால்:

```
Z = V/(V − b) − a/(RTV)
```

இந்த வரியில்தான் இந்த வழிகாட்டியின் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. முதல் உறுப்பு எப்போதும் 1-ஐ விடப் பெரியது. அது Z-ஐ மேலே தள்ளுகிறது. இரண்டாவது உறுப்பு கழிக்கப்படுகிறது. அது Z-ஐக் கீழே இழுக்கிறது. நைட்ரஜனுக்கு 300 K-இல் a/RT = 0.0549 L/mol. b-யோ 0.0387 L/mol. இரண்டும் ஒரே அலகில் இருப்பதால் நேரடியாக ஒப்பிடலாம்: இழுப்பு தள்ளலை விடப் பெரியது, ஆனால் மிகப் பெரியது அல்ல.

நான்காம் படி: எண்களை இடுதல்

V = 0.25 L என்ற நிலையை முழுமையாகச் செய்து பார்ப்போம். V − b = 0.2113. முதல் உறுப்பு 24.943/0.2113 = 118.05 பார். கவர்ச்சியால் கழியும் அழுத்தம் 1.370/0.0625 = 21.92 பார். எனவே P = 96.1 பார். நல்லியல்பு வாயு விதியோ இதே கனஅளவுக்கு 99.8 பார் என்று சொல்லும். விலகல் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தச் சிறிய விலகலுக்குப் பின்னே 18 பார் கூட்டலும் 22 பார் கழித்தலும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொண்டிருக்கின்றன. வாயு நல்லியல்பாக நடப்பது போலத் தோன்றுவதால் மட்டும் அதன் மூலக்கூறுகளிடையே விசைகள் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதே முறையில் மற்ற கனஅளவுகளுக்கும் செய்தால் கிடைப்பவை:

| V (L) | P (bar) | V/(V − b) | a/(RTV) | Z |
|---|---|---|---|---|
| 25 | 1.00 | 1.0016 | 0.0022 | 0.999 |
| 1 | 24.6 | 1.040 | 0.055 | 0.985 |
| 0.5 | 48.6 | 1.084 | 0.110 | 0.974 |
| 0.25 | 96.1 | 1.183 | 0.220 | 0.963 |
| 0.15 | 163 | 1.348 | 0.366 | 0.982 |
| 0.10 | 270 | 1.631 | 0.549 | 1.082 |
| 0.06 | 790 | 2.817 | 0.915 | 1.90 |

ஐந்தாம் படி: அட்டவணையைப் படித்தல்

கடைசி நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். Z முதலில் மெல்ல இறங்கி, 100 பார் அளவில் அடித்தளத்தைத் தொட்டு, பின் ஏறி, 163-க்கும் 270-க்கும் இடையில் எங்கோ 1-ஐக் கடந்து, அதன் பிறகு விரைவாக உயர்கிறது. கடக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க, இரண்டு உறுப்புகளின் பங்குகளையும் சமமாக வைத்தால் V = 0.131 L என்றும், அங்கே அழுத்தம் 190 பார் என்றும் வரும்.

இந்த வளைவு ஏன் இப்படித் திரும்புகிறது என்பதற்கு நடு நெடுவரிசைகளே விடை. கனஅளவைப் பாதியாக்கினால் இழுக்கும் உறுப்பு எப்போதும் சரியாக இரு மடங்காகிறது. அதற்கு மேல் அது வேகம் எடுப்பதில்லை. தள்ளும் உறுப்பு 1-க்கு மேல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 0.5-இலிருந்து 0.25-க்குப் போகும்போது அது 0.084-இலிருந்து 0.183 ஆகிறது, இரு மடங்கை விடச் சற்றே கூடுதல். ஆனால் 0.16-இலிருந்து 0.08-க்குப் போனால் 0.319-இலிருந்து 0.937 ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வகுக்கும் எண்ணான V − b, V-ஐ விட வேகமாகச் சுருங்குவதே காரணம். 1 பாரில் b என்பது மொத்த இடத்தில் 0.15 விழுக்காடு, அதைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒன்றுதான். 270 பாரில் அது 39 விழுக்காடு. அங்கே வாயுவைப் பாதியாக அமுக்க வேண்டும் என்றால், மூலக்கூறுகள் உலாவ மீதியிருக்கும் வெற்றிடத்தைப் பாதியை விட மிகக் குறைவாக ஆக்க வேண்டியிருக்கும்.

வழக்கமான குறுக்குவழி தரும் தவறான படம்

பாடங்களில் இவ்விடத்தில் இரண்டு எளிமையாக்கங்கள் சொல்லப்படுவதுண்டு. குறைந்த அழுத்தத்தில் b-யைப் புறக்கணிக்கலாம்; உயர் அழுத்தத்தில் a/V²-ஐப் புறக்கணிக்கலாம், எனவே Z = 1 + Pb/RT. இவற்றை மனப்பாடமாக ஏற்றுக்கொண்டவர்கள், அமுக்க அமுக்கக் கவர்ச்சி மறைந்துபோகிறது என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். நம் அட்டவணையிலேயே இதைச் சோதிக்கலாம்.

270 பாரில், a-வைப் புறக்கணித்த சூத்திரம் Z = 1 + (270 × 0.0387)/24.943 = 1.42 என்கிறது. முழுச் சமன்பாடு 1.08 என்கிறது. அளவிடப்பட்ட மதிப்பு 1.11-ஐ ஒட்டியது. குறுக்குவழி விலகலை நான்கு மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது. காரணம் வெளிப்படை: அந்த நிலையில் a/V² = 137 பார். 270 பார் அழுத்தத்துடன் ஒப்பிட்டால் இது பாதி. எப்படிப் புறக்கணிப்பது?

கவர்ச்சி குறையவில்லை, 1 பாரில் 0.002 பாராக இருந்தது 270 பாரில் 137 பாராக வளர்ந்திருக்கிறது. அது தோற்றது, எதிராளி அதைவிட வேகமாக வளர்ந்ததால். இன்னும் சொல்லப்போனால், V எவ்வளவு சுருங்கினாலும் b-க்குக் கீழே போகாது என்பதால் a/V² உச்சமாக a/b² = 915 பார் வரைதான் போக முடியும்; தள்ளும் உறுப்புக்கோ உச்சமே இல்லை. ஆகவே a-வை உண்மையாகவே புறக்கணிக்கும் நிலை, நைட்ரஜனைப் பொறுத்தவரை, பல ஆயிரம் பாருக்கு அப்பால்தான் வரும். அங்கே இந்தச் சமன்பாட்டையே நம்ப முடியாது.

குறைந்த அழுத்தக் குறுக்குவழியும் நைட்ரஜனுக்குப் பொருந்தவில்லை. V = 1 L-இல் b-யை விட்டுவிட்டால் Z = 0.945, b-யைச் சேர்த்தால் 0.985. விலகலில் பெரும்பகுதியை b அழித்துவிட்டிருக்கிறது. அழுத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது, ஏனெனில் குறைந்த அடர்த்தியில் இரு உறுப்புகளும் 1/V-க்கு ஏற்பவே மாறுகின்றன.

உயர் அழுத்தக் குறுக்குவழி ஓரளவு பொருந்துவது ஹைட்ரஜன் போன்ற வாயுக்களுக்கு. அதன் a = 0.2476, b = 0.0266. 300 K-இல் a/RT = 0.0099, b-யை விட மிகச் சிறியது. எனவே அதன் Z இறங்காமல் தொடக்கத்திலிருந்தே ஏறுகிறது. V = 0.1 L-இல் கழியும் 25 பார், அங்குள்ள அழுத்தத்தில் 8 விழுக்காடு மட்டுமே.

அழுத்தம் தரப்பட்டால்

சில நேரங்களில் 300 பாரில் கனஅளவு எவ்வளவு என்பதே கேள்வியாக இருக்கும். முப்படிச் சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்காமல், சமன்பாட்டை இப்படி அமைத்து மீண்டும் மீண்டும் இட்டால் போதும்:

```
V(புதிய) = RT/(P + a/V²) + b
```

நல்லியல்பு மதிப்பான 24.943/300 = 0.0831-இல் தொடங்குங்கள். முதல் சுற்றில் a/V² = 198 பார்; V = 0.0888. அடுத்த சுற்றுகளில் 0.0913, 0.0924, 0.0929 என்று நகர்ந்து 0.0932-இல் நிலைக்கிறது. Z = 300 × 0.0932/24.943 = 1.12. அளவீடு சுமார் 1.14. நகர்வு ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வருவதுதான் கணக்கு சரியான வழியில் போவதற்கான அடையாளம். மதிப்புகள் மேலும் கீழுமாகத் தாவினால் முதலில் அலகுகளைச் சரிபாருங்கள்.

நைட்ரஜனின் நிலைமாறு வெப்பநிலை 126 K. நாம் அதற்கு வெகு மேலே இருப்பதால் ஒரே ஒரு மெய்த் தீர்வுதான் உண்டு. நிலைமாறு வெப்பநிலைக்குக் கீழே வேலை செய்தால் மூன்று தீர்வுகள் வரக்கூடும், அங்கே எந்தத் தீர்வு வாயுவுக்கு உரியது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சுற்று முறையைக் கண்ணை மூடிக்கொண்டு அங்கே பயன்படுத்த வேண்டாம்.

வெப்பநிலையை மாற்றினால்

தள்ளும் உறுப்பில் T இல்லை. இழுக்கும் உறுப்பில் அது கீழே நிற்கிறது. சூடாக்கினால் இழுப்பு தளர்கிறது. a/RT = b ஆகும் வெப்பநிலை, அதாவது T = a/(Rb), பாயில் வெப்பநிலை. அதற்கு மேல் Z-இன் இறக்கம் முற்றிலும் மறைந்துவிடும். நம் மாறிலிகளை இட்டால் 426 K வரும். நைட்ரஜனின் உண்மையான பாயில் வெப்பநிலை சுமார் 327 K.

இந்த இடைவெளியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் வெப்பநிலையான 300 K உண்மையான பாயில் வெப்பநிலைக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே உண்மை நைட்ரஜனின் இறக்கம் மிக ஆழமற்றது. அளவீடுகளில் Z 40 பார் அளவில் சுமார் 0.996 வரை மட்டுமே இறங்கி, 80 பார் அளவிலேயே மீண்டும் 1-ஐத் தொடுகிறது. நம் கணக்கோ 100 பாரில் 0.963 என்றும், 190 பாரில் கடக்கும் என்றும் சொன்னது. வளைவின் வடிவம் சரி, அது திரும்பும் காரணமும் சரி, ஆனால் திரும்பும் இடம் தவறு. இரண்டு பெரிய எண்களின் வேறுபாடுதான் விடையாக வருகிறது என்பதால், a-விலோ b-யிலோ உள்ள சிறு குறைபாடும் வேறுபாட்டில் பெரிதாகத் தெரிகிறது. உருளைகளில் அடைத்த வாயுவின் அளவைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டுமானால் அளவீட்டு அட்டவணைகளையே நாடுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

b-யின் நான்கு மடங்குக் கணக்கு, மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சந்திக்கும் நிலைக்கு உரியது என்று முன்பு சொன்னேன். நெரிசல் மிகும்போது, ஒரு மூலக்கூற்றைச் சுற்றியுள்ள மூடப்பட்ட கோளமும் அண்டையிலுள்ளதன் கோளமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒரே இடத்தை இரு முறை கழித்துவிடுகிறோம். அதாவது உண்மையில் மூடப்படும் இடம் b-யை விடக் குறைவு.

இது எவ்வளவு தீவிரமான குறை என்பதற்குத் திரவ நைட்ரஜனே சான்று. அதன் கொதிநிலையான 77 K-இல் அடர்த்தி சுமார் 0.807 g/mL. ஒரு மோலின் நிறை 28.0 g என்பதால், ஒரு மோல் திரவ நைட்ரஜன் 34.7 mL இடத்தில், அதுவும் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், அமைதியாக அடங்கியிருக்கிறது. நம் b-யோ 38.7 mL. முடிவிலி அழுத்தம் கொடுத்தாலும் ஒரு மோல் நைட்ரஜன் 38.7 mL-க்குக் கீழே வராது என்று சமன்பாடு சொல்ல, திரவம் அதைவிடக் குறைந்த இடத்தில் இருக்கிறது.

ஆகவே கணக்கை முடித்ததும் கடைசியாக b/V-ஐக் கண்டுபிடித்துப் பாருங்கள். அது பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் இரண்டிரண்டாகச் சந்திக்கும் நினைப்பு பெரிய அளவில் பிசகாது. மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது Z-இன் போக்கை நம்பலாம், எண்ணை நம்பக் கூடாது. நம் அட்டவணையின் கடைசி வரிசையில் b/V = 0.645; அங்கே வந்த Z = 1.90 என்பதை, தள்ளும் உறுப்பு வென்றுவிட்டது என்பதற்கு மேல் எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.